பூஜ்ஜியத்திலிருந்து எண்ணூறு சதவீதம்

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தரப் பிரிவு என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. நானும் என்னோடு இன்னொரு பெண்ணும், இரண்டு கணினிகளும், ஜன்னலில்லாத ஓர் அறையும்தான். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால், மருந்து மாறினால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புண்ணில் சீழ் வைத்தால், அதையெல்லாம் எண்ணி மாதாமாதம் மேலே சொல்ல வேண்டியது எங்கள் வேலை. சூலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதால் மருத்துவமனையின் அமைதி எனக்கு முதலில் பிடித்திருந்தது. அந்த அமைதிக்குள் பல விஷயங்கள் சொல்லப்படாமல் கிடக்கின்றன என்பது வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது.

மருந்துப் பிழைகளைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனையிலும் அவை நடக்கும். ஒரு கட்டிலுக்கு எடுத்த ஊசியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோவது, பாதி மாத்திரைக்குப் பதில் முழு மாத்திரையை எடுத்து வைப்பது. பெரும்பாலும் நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன்பே யாராவது பார்த்துத் தடுத்துவிடுவார்கள். இப்படிக் கடைசி நிமிடத்தில் தப்பிய பிழையை நாங்கள் 'நியர் மிஸ்' என்போம். அதையும் எழுதித் தரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்களுக்கு எல்லா வார்டிலிருந்தும் மாதா மாதம் வந்த எண்ணிக்கை பூஜ்ஜியம். இருநூறு கட்டில் இருக்கிற இடத்தில் பூஜ்ஜியம் என்றால் பிழையே இல்லை என்று பொருளல்ல. வாயைத் திறக்கிற ஆள் இல்லை என்றுதான் பொருள்.

அந்தப் பூஜ்ஜியத்தை உடைத்தவர் அறுவைச் சிகிச்சை வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். ஐம்பதை நெருங்கியவர். நகரத்துக்குள்ளேயே பழைய சர்ச் ஒன்றுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை டூட்டி விழுந்தால் விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு, தலையில் வைத்த பூவோடு வந்து, வார்டு வாசலில் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே நுழைவார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் டிரிப் பாட்டிலில் தேதி எழுதாமல் விட்ட நர்ஸ், அவர் பார்க்கிற பார்வைக்கே திரும்பிப் போய் எழுதிவிட்டு வருவாள்.

ஒரு நாள் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, நியர் மிஸ் எழுதிக் குடுத்தா யாரு மேலயும் நடவடிக்கை வராதுன்னு நீங்க உறுதி குடுப்பீங்களா?"

"விதியிலேயே அப்படித்தானுங்க இருக்குது சிஸ்டர். ஆளைப் பிடிக்கறதுக்கு இல்லைங்க, ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

"விதியில இருக்கறது எனக்கும் தெரியுங்க. நீங்க சொல்லுங்க."

நான் உறுதி கொடுத்தேன். அப்போது அது பொய்யில்லை.

அடுத்த நாள் காலை டூட்டி மாறும் நேரத்தில், நர்ஸ்கள் எல்லாரும் நிற்கும்போது, முதலில் தன் பிழையையே சொல்லியிருக்கிறார். முந்தின வாரம் ஒரு பெரியவருக்கு ஏற்ற வேண்டிய பாட்டிலைப் பக்கத்துக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டதையும், அந்தப் பெரியவரின் மகள் கேட்ட பிறகே கவனித்ததையும் சொன்னாராம். இன்சார்ஜ் சிஸ்டரே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு வாய் திறந்தது. அந்த மாதம் அந்த ஒரு வார்டிலிருந்து மட்டும் ஒன்பது நியர் மிஸ் எங்களுக்கு வந்தன. ஒன்பதில் மூன்று ஒரே மாதிரி. வாந்திக்குப் போடும் ஊசி மருந்தும், இதயத் துடிப்பைக் குறைக்கும் ஊசி மருந்தும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டின் பெயரும் ஒரே எழுத்துகளில் தொடங்கும். குப்பிகளும் ஒரே அளவு. மூன்று பேர் மூன்று வேறு நாட்களில் மாற்றி எடுத்து, ஊசியில் ஏற்றும் முன் பார்த்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றும் என் மேஜைக்கு வந்தபோது அவற்றை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். சிஸ்டரும் நானும் போய் அன்றே இரண்டையும் வேறு வேறு தட்டில் வைத்தோம். துடிப்பைக் குறைக்கும் மருந்துக்குச் சிவப்புப் பட்டை ஒட்டினோம். என் வேலையில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

அதே சமயத்தில்தான் மருத்துவமனைக்கு டேஷ்போர்டு வந்தது. சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி செய்து கொடுத்தது. எல்லாப் பிரிவின் எண்களையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் தானாகவே அறிக்கை தயாராகி எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் மெயிலில் போய்விடும். போர்டு ரூம் வாசலில் மாட்டிய பெரிய டிவியிலும் ஓடும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் போன மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று ஓர் அம்புக்குறி. நல்லதென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு. உண்மையான எண்ணிக்கை அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போடாமல் படிக்க முடியாது. அதிகமாக மாறிய ஐந்து விஷயங்களை அதுவே பொறுக்கியெடுத்து, அதுவே ஒரு வாக்கியமும் எழுதி மேலே வைக்கும்.

முதல் அறிக்கை வந்த அன்று சேர்மனின் இளைய மகன் என்னைக் கூப்பிட்டார். நிர்வாகமெல்லாம் அவர் கையில்தான். தோட்டமும் மில்லுமாக இருந்த குடும்பம், பிறகு மருத்துவமனைக்கு வந்தது. படித்தவர், மரியாதை தெரிந்தவர். வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், இதென்னங்க, எட்டு படுத்துட்டு இருக்குது?"

மருந்துப் பிழைக் கட்டத்தில் முடிவிலிக் குறி இருந்தது. நான் விளக்கினேன். சதவீத மாற்றம் என்பது, வந்த வித்தியாசத்தைப் போன மாத எண்ணால் வகுப்பது. போன மாதம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. அதனால் இந்த இடத்தில் சதவீதம் என்று ஒன்று கிடையாது. "இந்த மாசம் ஒன்பது வந்துருக்குதுன்னு எண்ணை மட்டும் போட்டுட்டா போதுமுங்க சார்" என்றேன்.

"பாக்க அசிங்கமா இருக்குதுங்க. விசிட்டர்ஸ் வர்ற எடம். சரி பண்ணச் சொல்றேன்."

அங்கேயே நின்று சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார். மதியத்துக்குள் சரியாகிவிட்டது. அதாவது, முடிவிலிக் குறி போய்விட்டது. அதே இடத்தில் மேல்நோக்கிய சிவப்பு அம்பும் 800% என்ற எண்ணும் வந்து உட்கார்ந்தன. புது அறிக்கை மறுபடி எல்லாருக்கும் மெயிலில் போயிற்று. ஐந்து விஷயங்களில் முதலாவதாக ஒரு வாக்கியம்: 'அறுவைச் சிகிச்சை வார்டில் மருந்துப் பிழைகள் 800% அதிகரிப்பு. உடனடிக் கவனம் தேவை.'

நான் அந்தக் கம்பெனியில் எங்களுக்கென்று இருந்தவரைப் போனில் பிடித்தேன். என் வயதுக்காரர்தான்.

"எப்படிங்க எண்ணூறு வந்துச்சு?"

"போன மாசம் பூஜ்ஜியமா இருந்தா அதை ஒண்ணுன்னு எடுத்துக்கச் சொல்லி எழுதிப்போட்டேனுங்க. ஒண்ணுல இருந்து ஒன்பதுன்னா எட்டு கூடுது. எட்டு பை ஒண்ணு, எண்ணூறு பர்சென்ட்."

"போன மாசம் ஒண்ணு இல்லைங்களே."

"இல்லைதானுங்க."

"அப்ப இது பொய் கணக்குங்க. சரி, நெசமாலுமே ஒண்ணா இருந்திருந்தாக்கூட, அத்தனை சின்ன எண்ணுக்குச் சதவீதம் போட்டா தலைகால் இருக்காது. ஒண்ணு ரெண்டானாலே நூறு பர்சென்ட். பத்துக்குக் கீழ இருந்தா சதவீதமே வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் பெருசா போடுங்க. ஒரு வருசத்துச் சராசரியோட ஒப்பிடுங்க."

"எனக்கும் தெரியுங்க மேடம்" என்றார். "கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. எல்லாக் கட்டத்துலயும் அம்பு இருக்கணுமாம். நீங்க சொல்றதை ஒரு ரிக்வெஸ்டா போட்டு அனுப்புங்க. அவரு ஓகே பண்ணுனா செஞ்சு குடுத்தர்றேன்."

அன்றே அனுப்பினேன். அது ஓகே ஆகவே இல்லை.

அந்த வாரம் மாதாந்திரக் கூட்டம். போர்டு ரூமில் எல்லாத் துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக இன்சார்ஜ்களைக் கூப்பிடுவதில்லை. திரையில் முதலில் வந்தது சூலூரில் புதிதாகத் திறந்த எங்கள் கிளை. அது திறந்ததே ஒரு மாதக் கடைசியில். அந்த மாதம் மூன்று பேர் அட்மிட் ஆகியிருந்தார்கள். அடுத்த மாதம் தொண்ணூற்றாறு. பச்சை அம்பு, 3100%. எல்லாரும் கை தட்டினார்கள். கேக் வந்திருந்தது. அந்தக் கிளை சேர்மனின் மகனான சாரின் பொறுப்பில்தான் இருந்தது, அவரே வெட்டினார்.

கேக் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்தது. சிவப்பு அம்பு, 800%.

"சிஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் சார். "இத்தனை வருசம் இருக்கறீங்க. உங்க மேல எனக்கு மரியாதை இருக்குதுங்க. ஆனா எட்டு மடங்கு ஏறியிருக்குதே, வார்டுல என்னதானுங்க நடக்குது?"

சிஸ்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று யாரும் சொல்லவில்லை. "சார், பிழை ஏறலைங்க. சொல்றதுதான் ஏறியிருக்குது. முன்னாடி இதையெல்லாம் யாரும் சொல்றதில்லைங்க. ஒன்பதுல ஒண்ணுகூட பேஷண்ட் மேல படலை."

"அப்ப முன்னாடி மறைச்சீங்களா?"

மற்ற வார்டுகளின் பூஜ்ஜியங்களுக்குப் பொறுப்பானவர்கள் எல்லாம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசினேன். பூஜ்ஜியத்துக்குச் சதவீதம் கிடையாது என்பதையும், ஒன்று என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது என்பதையும் சொன்னேன். சூலூர்க் கிளையின் மூவாயிரத்து நூறும் அதே சங்கதிதான், மூன்று என்ற சின்ன எண்ணிலிருந்து வந்தது என்றேன். அதோடு, புற நோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஒரே மாதத்தில் நூறுக்கு மேல் கூடியிருந்ததையும் காட்டினேன். ஏற்கனவே ஆயிரம் பேர் காத்திருந்ததால் அது பத்து சதவீதம் என்று ஒரு சின்ன அம்பாக ஓரத்தில் கிடந்தது. நூறு பேர் கூடுதலாகக் காத்துக் கிடந்தது சின்ன அம்பு, யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒன்பது சம்பவம் பெரிய அம்பு.

"மேடம், அது வேற, இது வேறைங்க" என்றார் சார் சிரித்துக்கொண்டே. "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. அது யாருக்கும் வேண்டியவங்க வேண்டாதவங்க பாக்காதுங்களே."

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சிஸ்டர் டிவி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அவர் வார்டின் பெயர் திரும்பத் திரும்பச் சிவப்பில் வந்துபோனது. அந்த வழியாகப் போன உறவினர் ஒருவர், நோயாளியைப் பார்க்க வந்தவர், நின்று படித்துவிட்டு, "இந்த வார்டுலதானுங்க எங்க அப்பா இருக்காரு" என்றார். சிஸ்டர் அவரிடம், "பயப்படாதீங்க, நல்லா பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

அவர் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் பதினாலு வந்தது. அதில் இரண்டு, டாக்டரின் கையெழுத்து புரியாமல் நடந்தவை. அதைச் சரிசெய்தால் எல்லா வார்டுக்கும் நல்லது. ஆனால் ஒன்பதிலிருந்து பதினாலு என்றால் 56%. டேஷ்போர்டு எழுதியது: 'தொடர்ந்து இரண்டாவது மாதமாக அதிகரிப்பு.' அந்த வாக்கியத்தை மனிதன் யாரும் எழுதவில்லை என்பதுதான் அதன் பலம். மனிதன் எழுதியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

சிஸ்டரைக் கீழே இன்சூரன்ஸ் கவுன்டருக்கு மாற்றினார்கள். தண்டனை இல்லை என்று சார் என்னிடமே சொன்னார். "அவங்களுக்கும் வயசாச்சுங்க. நின்னுட்டே இருக்கற வேலை. பாவம்." ஊசியும் மருந்துமாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றவர், அதற்குப் பிறகு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, அட்டை கொண்டுவந்தீர்களா, ஜெராக்ஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையசைப்பார். நான் கொடுத்த உறுதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வார்டுக்குப் புது இன்சார்ஜ் வந்தார். கெட்டவர் இல்லை. முந்தியவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர், அவ்வளவுதான். அந்த மாதம் அந்த வார்டிலிருந்து வந்த நியர் மிஸ் பூஜ்ஜியம். பதினாலிலிருந்து பூஜ்ஜியம், நூறு சதவீதம் குறைவு. பெரிய பச்சை அம்பு. அதற்கு அடுத்த மாதமும் பூஜ்ஜியம். இப்போது எதுவும் மாறவில்லை, அம்பே வரக்கூடாது. ஆனால் சாஃப்ட்வேருக்குப் போன மாதப் பூஜ்ஜியம் என்றால் ஒன்று. ஒன்றிலிருந்து பூஜ்ஜியம், மறுபடியும் நூறு சதவீதம் குறைவு. அதற்கடுத்த மாதமும் நூறு சதவீதம். ஒன்றுமே நடக்காத ஒரு வார்டு மாதா மாதம் நூறு சதவீதம் முன்னேறிக்கொண்டே இருந்தது. ஆண்டு விழாவில் சிறந்த வார்டு என்று கேடயம் கொடுத்தார்கள். புது இன்சார்ஜ் அதை வாங்கிக்கொண்டு இறங்கி வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அந்தச் சமயத்தில் சூலூர்க் கிளையின் அம்பு சிவப்பானது. முந்தின மாதமும் தொண்ணூற்றாறாக இருந்தது, இந்த மாதம் எண்பத்தொன்றாகக் குறைந்தது. பதினாறு சதவீதம் சரிவு. புதிதாகத் திறந்த இடத்தில் அது சாதாரணம். ஆனால் டிவியில் அது ஒரு நாளைக்கு மேல் ஓடவில்லை. மறுநாள் காலை பார்த்தால் பச்சை, 2600%. நான் சரவணம்பட்டிக்காரரைக் கேட்டேன்.

"சூலூருக்கு மட்டும் போன மாசத்தோட ஒப்பிட வேண்டாம், தொறந்த மாசத்தோட ஒப்பிடுங்கன்னு சார் சொன்னாருங்க. தொறந்த மாசம் மூணு."

"ஒரே நாள்ல செஞ்சுட்டீங்க."

"அவரு சொன்னா அன்னைக்கே செய்யோணுமுங்களே மேடம்."

"நான் அனுப்புன ரிக்வெஸ்ட்?"

"அப்படியேதானுங்க இருக்குது." அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய.

சிஸ்டர் அதற்குள் வேலையை விட்டிருந்தார். வழியனுப்பு விழா எதுவும் இல்லை. கேன்டீனில் என்னோடு ஒரு டீ குடித்தார். மதுக்கரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேரப்போவதாகச் சொன்னார். "வார்டு வேலை கேட்டேன், குடுக்கறேன்னாங்க. அது போதும்" என்றார். அவருக்கு இன்னொரு டீ சொல்லப் போனேன், ஒன்று போதும் என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு அது நடந்தது. பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா. வாந்தி வருகிறது என்றார். டாக்டர் ஊசி எழுதினார். நர்ஸ் எடுத்துப் போட்டது துடிப்பைக் குறைக்கும் மருந்து. புது இன்சார்ஜ் வந்த பிறகு அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, மருந்துகளைப் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பெயர் வரிசை என்றால் அந்த இரண்டும் ஒட்டித்தான் வரும். பட்டை ஒட்டிய பழைய தட்டு ஏன் தனியாக இருந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதற்கு முன்னாலும் அந்த மாற்றி எடுக்கிற சங்கதி நடந்திருக்கிறது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. இரண்டு பேர் கடைசி நிமிடத்தில் பார்த்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் அவர்களைக் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குத் துடிப்பு சரசரவென்று இறங்கியது. ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மயக்க மருந்து டாக்டர் அந்த நேரம் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம். பிழைத்துக்கொண்டார். ஆனால் சில நாள் படுக்கையில், பேச்சு குழறி, மகளை அடையாளம் தெரியாமல் கிடந்ததை நான் பார்த்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு எடுக்கத்தானுங்க வந்தோம்" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் தேதி அறிக்கை வந்தது. அறுவைச் சிகிச்சை வார்டு, மருந்துப் பிழை: சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. 0%. மாற்றமில்லை.

கணக்கு சரிதான். போன மாதம் பூஜ்ஜியம், அதை ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மாதம் ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்று. மாற்றமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாத மாதம் எண்ணூறு சதவீதம் சிவப்பு. ஒருத்தி சாகக் கிடந்த மாதம் சாம்பல் கோடு. கீழே பொடி எழுத்தில் '1' என்று இருந்தது.

நான் அதை அச்செடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அவருக்கும் அந்தச் சம்பவம் பெரிய கவலையாகத்தான் இருந்தது. வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். அச்சுத் தாளைப் பார்த்தவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ இளகியது. அது ஆறுதல்.

"பரவால்லைங்க மேடம். ஏறலை பாருங்க."

"சார், அது கணக்குல இருக்கற தப்புங்க. இதைத்தானுங்க நான் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டு இருக்கறேன்."

"இப்ப அதைத் தொட வேண்டாமுங்க. வெளிய யாராவது கேட்டா மாத்திட்டாங்கன்னு ஆயிரும். தப்பா நெனச்சுக்காதீங்க."

அந்த 'தப்பா நெனச்சுக்காதீங்க'வை அவர் சிஸ்டரிடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை, எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவருக்குத் திரையில் ஓர் அம்பு இருந்தால் போதும். அந்த அம்பு எதை வகுத்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர் வாழ்க்கையில் எந்த இடத்திலும் வந்ததில்லை.

நான் எழுதிக் கொடுத்த விசாரணை அறிக்கையில் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, பெயர் வரிசை, நின்றுபோன நியர் மிஸ், அது ஏன் நின்றது என்பது வரை. அறிக்கையின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டார்கள். ஊசி போட்ட நர்ஸை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் திருப்பூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிறந்த வார்டுக் கேடயம் அந்த வார்டின் நர்ஸ் மேஜை மேலேயே இருந்தது. கொஞ்ச மாதத்தில் நானும் வேலையை விட்டேன். போகும்போது ஒரு சால்வை போட்டார்கள். நல்லவிதமாகத்தான் பேசினார்கள்.

விட்ட பிறகு ஒரு நாள் சிஸ்டருக்குப் போன் செய்தேன். அந்தச் சம்பவம் அவர் காதுக்கு யார் வழியாகவாவது போவதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நலம் விசாரித்துவிட்டு, வார்டில் ஒரு அம்மாவுக்கு மருந்து மாறிப்போனது என்று ஆரம்பித்தேன்.

"அம்மணி" என்று இடைமறித்தார். "அதை எனக்கு எதுக்குங்க சொல்றீங்க?"

"உங்களுக்குத் தெரியணும்னுதானுங்க சிஸ்டர். நீங்க செஞ்சது சரின்னு—"

"சரின்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன் சொல்லுங்க."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வாரேன் என்று அந்தப் பக்கம் பதில் சொன்னார். பிறகு என்னிடம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வைக்கிறேன் என்றார். வைத்தும்விட்டார்.

அவரோடு வேலை பார்த்த வருடங்களில் பார்த்திருக்கிறேன். யாருக்காவது ஏதாவது ஆயிற்று என்றால் முதலில், ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார். அன்றைக்கு அவர் கேட்கவில்லை.